சந்தனம் வைத்த சார்ஜர்

என் வீட்டுக்காரர் கோகுல்நாத்துக்கு நல்ல குணங்கள் நிறைய உண்டு. கடிதம் எழுதுவது அதில் சேராது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, வில்லாபுரத்து வீட்டில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அவர் எழுதியதை வாங்கிப் படித்தேன். "மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய ஐயா அவர்களுக்குப் பணிவான வணக்கம்" என்று ஆரம்பித்து, பொங்கல் வாழ்த்துச் சொல்லி, தான் பன்னிரண்டு வயதில் தகப்பனை இழந்தது வரை வந்துவிட்டார். பக்கம் முடிந்தது, சார்ஜர் இன்னும் வரவில்லை. கடைசி வரியில் மட்டும், சார்ஜர் சுடுவதால் அன்புகூர்ந்து ஆவன செய்ய வேண்டுகிறேன் என்று இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் எழுதின பழக்கம். சார்ஜருக்குக் காய்ச்சல், இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்பது போல இருந்தது.

சிரிக்கிற நேரமா அது?

பத்து வருஷமாக அவர் கல்யாண வீடுகளில் அடுத்தவர் கேமராவுக்கு லைட் பிடித்தவர். போன ஆவணியில்தான் பழைய வீடியோ கேமரா ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். அதற்குப் புதுச் சார்ஜர் டவுன் ஹால் ரோட்டில் ஜலீல் பாய் கடையில் எடுத்தது. அந்தக் கேமராவில் பேட்டரியைக் கழற்றித் தனிச் சார்ஜரில் செருகினால்தான் சார்ஜ் ஏறும். வேறு வழி கிடையாது. இப்போது லோக்கல் கேபிள் டிவிக்காரர் ராஜகுரு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை எடுத்துத் தரும் வேலையை இவரிடம் கொடுத்திருந்தார். வழக்கமாக எடுக்கிறவர் கையை ஒடித்துக்கொண்டதால் வந்த வாய்ப்பு. நன்றாக வந்தால் இனி எல்லாத் திருவிழாவும் இவருக்கு. சொதப்பினால் மறுபடி லைட் பிடிக்கப் போக வேண்டியதுதான். அதை ராஜகுரு முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சார்ஜர் கொதித்தது. பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்து ஓடிப் போய் சுவிட்சை அணைத்தேன். தொட்டால் கை பொத்துப்போகும் சூடு. ஒருவேளை பேட்டரிதான் கோளாறோ என்று ஆறவிட்டு இன்னொரு பேட்டரியைப் போட்டுப் பார்த்தார். அதற்கும் அதே சூடுதான். அவருடைய சிநேகிதர் சோணை ஸ்க்ரூ டிரைவரோடு வந்து திறந்து பார்க்கலாம் என்றார். அடியில் கம்பெனி ஒட்டின சீல் கிழிந்தால் வாரண்டி போய்விடும் என்று நான் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பாய்க்குப் போன் போட்டதில், வாரண்டி ஆறு மாதம் என்றும், பில்லும் வாரண்டி கார்டும் கடை பெயருக்கு ஒரு கடிதமும் கொண்டு வந்தால் கம்பெனி டீலருக்கு அனுப்பி மாற்றித் தர முடியும் என்றும் சொன்னார். வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே?

இருக்க முடியவில்லை. காரணம் நான். ஆயுத பூஜைக்கு வீட்டில் உள்ள சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது சார்ஜரையும் விடவில்லை. பிழைப்புக் கருவியாயிற்றே என்று கொஞ்சம் தாராளமாகவே அப்பியிருந்தேன். மேல் மூடியில் அது காய்ந்து, கெட்டியாக ஒட்டிக் கிடந்தது. வாரண்டி கார்டை எடுத்துப் படித்தால், ஈரமோ வெளிப்பொருளோ பட்ட சாதனத்துக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தான். என் கை வைத்த சந்தனமே அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதோ என்று பயந்துபோனேன்.

இவர் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், துடைக்க. எங்கள் சௌராஷ்டிர பாஷையில் வைய ஆரம்பித்தால் எனக்கு மூச்சு வாங்காது. துடைத்தால் சுரண்டின தழும்பு தெரியும், உள்ளே தண்ணீர் இறங்கும், அப்போது பொய்யும் சேர்ந்துகொள்ளும் என்று பிடிபிடியென்று பிடித்தேன். பிறகு பேனாவை வாங்கி நானே எழுதினேன்.

"அனுப்புநர்: கோ. ஹம்சவேணி, க/பெ. கோகுல்நாத், வில்லாபுரம், மதுரை. பெறுநர்: உரிமையாளர், அல் அமீன் எலக்ட்ரானிக்ஸ், டவுன் ஹால் ரோடு, மதுரை. பொருள்: உத்தரவாதக் காலத்துக்குள் சூடேறிய பேட்டரி சார்ஜரை மாற்றித் தருமாறு வேண்டுதல்.

ஐயா, 12.9.2004 அன்று தங்கள் கடையில் என் கணவர் வீடியோ கேமரா பேட்டரி சார்ஜர் ஒன்று வாங்கினார். உத்தரவாதம் ஆறு மாதம். பில் நகலும் உத்தரவாத அட்டையும் இணைத்துள்ளேன். சாதனத்தின் வரிசை எண் அட்டையில் உள்ளதே. நேற்று பேட்டரி செருகிய கால் மணி நேரத்தில் கை வைக்க முடியாத அளவு சூடேறிக் கருகல் வாடை வந்தது. வேறு பேட்டரி போட்டும் அப்படியே. உடனே நிறுத்திவிட்டோம். சாதனத்தைத் திறக்கவில்லை, சீல் அப்படியே உள்ளது.

ஆயுத பூஜை அன்று நான் இதன் மேல் மூடியில் சந்தனம் வைத்தேன். காற்றுத் துளைகள் இரண்டு பக்கமும் உள்ளன. அவற்றில் சந்தனம் படவில்லை. அதன் பிறகு மூன்று மாதம் குறையின்றி வேலை செய்தது. சோதித்துப் பார்த்து, வேறு சார்ஜர் மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 16ஆம் தேதி ஜல்லிக்கட்டுப் படம்பிடிப்புக்கு இது அவசியம் தேவை."

படித்துவிட்டு அவர், சந்தனத்தைப் பற்றிய இடத்தை மட்டும் அடித்துவிடக் கூடாதா என்று கெஞ்சினார். முடியாது என்று மடித்து உறையில் போட்டேன். பஸ்ஸில் டவுன் ஹால் ரோடு போய்ச் சேரும் வரை அந்த உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

கடையில் பொங்கல் கூட்டம். கடைப் பையன் என்று எல்லோரும் கூப்பிடுகிற, மீசை நரைத்த நல்லகாமன்தான் கடிதத்தை முதலில் வாங்கினார். படித்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"எதுக்குக்கா இத எழுதுனீக? தொடச்சிட்டு வந்திருந்தா யாருக்குத் தெரியப் போகுது? டீலர் இத ஒண்ண வச்சே திருப்பி அனுப்பிருவானே."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே பஸ்பமாகியிருக்க வேண்டும். எனக்கோ அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. உள்ளதை எழுதினால் தப்பா என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

ஜலீல் பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். கடிதத்தை நிதானமாக இரண்டு முறை படித்தார். சார்ஜரைத் திருப்பிச் சீலைப் பார்த்தார், பக்கத்துத் துளைகளில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு நல்லகாமனிடம், வாடிக்கையாளர் பேட்டரிகளைச் சோதிக்கக் கடையில் வைத்திருக்கிற சார்ஜரை எடுத்து வரச் சொன்னார். அதுவும் இதே கம்பெனி, இதே மாடல்தான்.

நல்லகாமன் மேஜைக்கு அடியிலிருந்து அதை எடுத்து வைத்தார். வைத்த கையை எடுக்காமல் அப்படியே மூடிக்கொண்டு நின்றார். பாய் அந்தக் கையை மெதுவாக விலக்கினார்.

மூடி மேல் சந்தனம், நடுவில் குங்குமம். என்னுடையதைவிடப் பெரிது.

"இது யாரு வச்சது?" என்றார் பாய்.

"நாந்தான் பாய்," என்று தலையைச் சொறிந்தார் நல்லகாமன். "ஆயுத பூசைக்கு."

"வச்சதுக்கப்புறம் என்னைக்காச்சும் சுட்டிருக்கா?"

"இல்ல பாய். நாள் பூராவும் ஓடுது."

"அப்பப் போடு ரெண்டையும்."

இரண்டு சார்ஜர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாங்கள் கையோடு கொண்டுபோயிருந்த பேட்டரிகளை ஒவ்வொன்றிலும் ஒன்றாகச் செருகினார்கள். செல்போன் வாங்க வந்த ஆட்கள்கூடப் போகாமல் நின்றார்கள். யாரோ டீ வாங்கி வந்தார்கள். டீ ஆறுவதற்குள் எங்கள் சார்ஜர் சூடானது. முதலில் பாய் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார், பிறகு நல்லகாமன், பிறகு முன்பின் தெரியாத ஒரு பெரியவர். கடைச் சார்ஜர் வெதுவெதுப்போடு நின்றுகொண்டது. பேட்டரிகளை இடம் மாற்றிப் போட்டார்கள். அப்போதும் கொதித்தது எங்களுடையதுதான். கோளாறு பேட்டரியிலும் இல்லை, சந்தனத்திலும் இல்லை, சார்ஜருக்குள்ளேதான். சட்டென்று சுவிட்சை அணைத்தார் பாய். நான் அத்தனை பேர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெட்கமாக இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

பாய் என் கடிதத்தின் கீழேயே, இரண்டையும் சோதித்துப் பார்த்ததையும், சந்தனம் வைத்த கடைச் சார்ஜர் குறையின்றி ஓடுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். ஆனால் டீலர் ஆபீஸ் பொங்கல் முடிந்துதான் திறக்கும். அதே மாடல் புதிது கடையில் இருப்பில் இல்லை. என் வீட்டுக்காரர் முகம் மறுபடி விழுந்தது.

பாய் கடைச் சார்ஜரின் வயரைச் சுற்றி என் கையில் கொடுத்தார். "புதுசு வர்ற வரைக்கும் இது உங்கட்ட இருக்கட்டும் தங்கச்சி. நீங்க மறைக்காம எழுதுனதாலதான் எனக்கு இதச் சோதிச்சுப் பார்க்கவே தோணுச்சு. இன்ஷா அல்லாஹ், மாடெல்லாம் நல்லா விழும் கேமராவுல."

புதிய சார்ஜர் தை மாதக் கடைசியில் வந்தது. அதற்குள் எங்கள் வீட்டில் எல்லாம் மாறியிருந்தது.

ஜல்லிக்கட்டு அன்று விடியும் முன்பே கிளம்பிவிட்டோம். வாடிவாசலுக்குப் பக்கத்து வீட்டுச் சீனியம்மாள், ஒரு பிளக் பாயிண்ட் கொடுத்துத் தின்பண்டமும் கொடுத்தார். என் வீட்டுக்காரர் பரண் மேல் நின்று எடுத்தார். நான் சீனியம்மாள் வீட்டுக்குள் சார்ஜருக்குக் காவல். ஒரு பேட்டரி ஏறியதும் சோணை அதைத் துண்டில் முடிந்து ஓடுவார், தீர்ந்ததை வாங்கி வருவார். வெளியே ஊரே இரைகிறது, விசில் பறக்கிறது, எந்த மாடு யாரைத் தூக்கியது என்று மைக்கில் அலறுகிறார்கள். நான் ஒரு மாட்டைக்கூடப் பார்க்கவில்லை. கையைச் சார்ஜர் மேல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரை அது சூடாகவே இல்லை. கடைசிக் காளை வெளியே வந்தபோதும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்று சோணை கத்திக்கொண்டே வந்து சொன்னபோது, சீனியம்மாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் அவரும் கட்டிக்கொண்டார்.

மறுநாள் மாலை கேபிளில் போட்டார்கள். தெருவே எங்கள் வீட்டில். ராஜகுரு பாதியிலேயே போன் செய்து, சித்திரைத் திருவிழாவையும் நீங்களே எடுங்கள் என்று சொல்லிவிட்டார். இவர் சரி சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. முடிவில் பெயர் போடுவார்கள், அதற்காகத்தான் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பத்து வருஷத்தில் எந்தக் கேசட்டிலும் லைட் பிடித்தவன் பெயர் வந்ததில்லை.

படம் முடிந்தது. இசை வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள். இவர் உதடு துடித்தது, கண் நிறைந்தது, சின்னப் பிள்ளை மாதிரி வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, எங்கள் பாஷையில், "என் பேரு வந்துச்சே, பாத்தியா?" என்றார்.

நான் எங்கே டிவியைப் பார்த்தேன், அவரையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன். "பார்த்தேன், பெருசா போட்டிருந்தாங்க," என்றேன்.