ஒன்பதாவது ஸ்லைடு

என் தங்கையைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அவள் இந்தக் கல்லூரிக்கு வருவதற்கு முன்பிருந்தே, ஏழு வருஷமாக நான் இங்கே கணினித் துறையில் தற்காலிக விரிவுரையாளராகக் கத்திக்கொண்டிருக்கிறேன். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் டமாரம். நேற்று வந்த அவள் 'சின்ன மேடம்'. அவள் வகுப்பு முடிந்தாலும் நாலு பேர் வாசல்வரை சந்தேகம் கேட்டுக்கொண்டே போவார்கள். என் வகுப்பு முடிந்தால் பெஞ்சுகள்தான் மிச்சம்.

துறையில் ஒரே ஒரு நிரந்தர இடம் காலியானது. நாங்கள் இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். மாணவர்கள் முன்னால் நடத்திக்காட்டச் சொல்லித் தேர்வுக் குழு எங்கள் இருவருக்கும் ஒரே பாடத்தைக் கொடுத்தது. கிராஃப் என்றால் கோடுகளால் இணைத்த புள்ளிகள்; அந்தப் புள்ளிகளை எல்லாம் ஒன்றுவிடாமல் போய்ப் பார்க்கும் இரண்டு வழிகள். பக்கத்தில் இருப்பதை எல்லாம் முதலில் முடித்துக்கொண்டு அகலமாகப் போவது ஒன்று, ஒரே வழியில் முட்டும்வரை ஆழமாகப் போவது இன்னொன்று. எடுத்துக்காட்டுப் படத்தையும் குழுவே கொடுத்துவிட்டது. ஆறே புள்ளிகள். உச்சியில் 1. அதிலிருந்து 2-க்கும் 3-க்கும் கோடு. 2-இலிருந்து 4-க்கும் 5-க்கும். 3-இலிருந்தும் 5-க்கு ஒரு கோடு. 5-க்குக் கீழே 6. கோட்டில் எந்தத் திசையிலும் போகலாம்; பல பக்கம் போகலாம் என்றால், இன்னும் போகாததில் சின்ன எண்ணுக்கு முதலில் போக வேண்டும். அவ்வளவுதான் விதி.

பாடம் நடத்திக்காட்ட வேண்டிய நாள் காலை நான் தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். தங்கை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை பாத்துடேன். உன் கண்ணுக்குத் தப்பு எதுவும் தப்பாது."

"எனக்கே ஆயிரம் வேலை கிடக்கு."

"பாத்துக் குடேண்டி, உன் தங்கச்சிதானே," என்றாள் அம்மா. அவளுக்கு எப்போதுமே சின்னதுமேல்தான் உயிர்.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். எட்டு ஸ்லைடு வரை பழுதில்லை. ஒன்பதாவதில் ஆழமாகப் போகும் வரிசையை எழுதியிருந்தாள்: 1, 2, 4, 5, 6, 3. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, தப்பு. 5-இல் நிற்கும்போது பக்கத்தில் 3-உம் இருக்கிறது, 6-உம் இருக்கிறது. சின்ன எண் 3. அங்கேதான் முதலில் போக வேண்டும். ஆனால் படத்தில் 3 மேலே இருக்கிறது, 6 கீழே இருக்கிறது. ஆழம் என்றதுமே கண் கீழேதான் இறங்கும். வருஷா வருஷம் பாதி விடைத்தாளில் நான் சிவப்பு மையால் சுழிக்கிற அதே தப்பு.

சொல்ல வாய் திறந்தேன். அவள் பின்னால் நாலு பேர் வாசல்வரை போவது ஞாபகம் வந்தது.

"நல்லா இருக்கு," என்றேன்.

"எல்லாம் சரியா?"

"நல்லா இருக்குங்கிறேன்ல?"

அவள் என் தோளைக் கட்டிக்கொண்டுவிட்டுப் போனாள். எனக்கு மூக்கு போனாலும் பரவாயில்லை, அவளுக்குச் சகுனம் பிசக வேண்டும். அந்த நிமிஷம் நான் அப்படித்தான் இருந்தேன்.

பத்து மணிக்கு வகுப்பு. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் முன்னால், குழு ஓரமாக, நான் கடைசி பெஞ்சில். குழுவில் எங்கள் துறைத் தலைவரும், வெளியிலிருந்து வந்த தடித்த கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியை அம்மாவும் இருந்தார்கள். முதலில் தங்கை.

அகலமாகப் போவதை அவள் பலகையில் வரிசை போட்டே காட்டினாள். 1-ஐ வரிசையிலிருந்து எடுத்ததும் 2, 3 பின்னால் நின்றன. 2-ஐ எடுத்ததும் 4, 5 சேர்ந்தன. 3-ஐ எடுத்தபோது ஒரு மாணவி கேட்டாள்.

"மேடம், 3-க்கும் 5 பக்கத்துல இருக்கே, மறுபடி சேக்கணுமா?"

"அதுக்குத்தான் வரிசையில நிக்க வைக்கும்போதே அடையாளம் போட்டுட்டோம். ஏற்கெனவே நிக்கிற ஆளைத் திரும்ப நிக்க வெச்சா, டிக்கெட் ரெண்டா வாங்கிடுவான்."

சிரித்தார்கள். 1, 2, 3, 4, 5, 6. பாவி, எவ்வளவு அழகாகச் சொல்கிறாள்! எனக்கு வயிறு எரிந்தது. வரட்டும், ஒன்பதாவது ஸ்லைடு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

வந்தது. ஆனால் அவள் அதை வாசிக்கவில்லை. பலகையிலேயே நடக்க ஆரம்பித்தாள். "1-லேர்ந்து 2. 2-லேர்ந்து 4. அதுக்கு மேல வழியில்லை, திரும்பி 2-க்கு வரோம். அடுத்து 5. இங்கேர்ந்து..." சாக்பீஸ் நின்றது. திரையைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள்.

"இருங்க. என் ஸ்லைடு தப்பு."

எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அது அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"இந்தத் தப்பை நான் ஏன் செஞ்சேன், சொல்லுங்க பாப்போம்? 3 மேல இருக்குன்னு என் கண்ணு அதை விட்டுடுச்சு. கிராஃபுக்கு மேலயும் கிடையாது, கீழயும் கிடையாது. கோடு இருக்கா, ஏற்கெனவே போயாச்சா, அவ்வளவுதான் கேள்வி. 5-லேர்ந்து 3. அங்கே 1, 5 ரெண்டும் போயாச்சு. திரும்பி 5. அப்புறம்தான் 6."

1, 2, 4, 5, 3, 6 என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். வகுப்பே கை தட்டியது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்களே, நான் அவள் கையில் கத்தியையே கொடுத்திருக்கிறேன்.

கண்ணாடி அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். "ஸ்லைடை முன்னாடியே யார்கிட்டயும் காட்டலையாம்மா?"

"எங்க அக்காகிட்ட காட்டினேன் மேடம். நல்லா இருக்குன்னாங்க." சூதுவாது தெரியாமல் சொன்னாள்.

எல்லாத் தலையும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பியது.

அடுத்து என் முறை. ஒரு எண்கூடப் பிசகாமல் நடத்தினேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. முடித்ததும் கண்ணாடி அம்மாதான் பேசினார்.

"நல்லா நடத்துனீங்க. ஆனா காலையில தங்கச்சி ஸ்லைடுல இதே தப்பு உங்க கண்ணுல படலையாம்மா?"

படவில்லை என்று சொன்னால் தீர்ந்தது. யாருக்குத்தான் அவசரத்தில் தவறாது? ஆனால் அவர் கேட்ட தொனி! ஏழு வருஷமாகப் பாடம் நடத்தும் எனக்கு இது தெரியாதாம். முன்வரிசையில் இரண்டு பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும்.

"ஏன் படலை? பாத்ததுமே பட்டுச்சு," என்றேன் டமாரக் குரலில். "ஒன்பதாவது ஸ்லைடு. 6-க்கு முன்னாடி 3 வரணும்."

துறைத் தலைவர் கோப்பை மூடினார். தங்கை என்னையே பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள்.

அரை மணி நேரத்தில் முடிவைச் சொல்லிவிட்டார்கள். வேலை அவளுக்கு. ஆசிரியர் அறைக்கு வந்தவள் என் மேஜைக்கு எதிரே நின்றாள்.

"தெரியலைன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்க்கா."

"என்னை ஒண்ணும் தெரியாதவன்னு நினைச்சிருப்பே."

"நினைச்சிருக்க மாட்டேன். பாவம், சரியா பாக்க உனக்கு நேரமில்லாம போச்சுன்னுதான் நினைச்சிருப்பேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு பையை எடுத்தாள். "அம்மாகிட்ட வேலை கிடைச்சதை மட்டும் சொல்றேன். மத்தது அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

சொன்னபடியே செய்வாள். இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். அந்த மனசு அவளுக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்று, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போகும்போதும் எனக்கு வயிறு எரிந்தது.