டேக் இல்லாத சட்டை

டிசைனரின் மின்னஞ்சலை மருமகள் மூன்று தடவை படித்தாள். "வேலையைத் தொடங்கும் முன் லோகோவின் மூல ஃபைல் வேண்டும். ஏஐ, இபிஎஸ், எஸ்விஜி எந்த வகை ஃபைலானாலும் சரி. அதில் உள்ள எழுத்தின் ஃபான்ட் ஃபைலும் வேண்டும். 'இரண்டாம் கிளை' என்பதை அதே எழுத்தில் சேர்க்க வேண்டும் அல்லவா?"

'பளிச் சலவையகம்' என்ற லோகோவுக்கு அப்படியெல்லாம் பூர்வீகம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. அடுத்த திங்கள் புதுக் கடை திறப்பு. அதை நடத்தப்போவது அவள்தான். அதற்குள் போர்டு வந்தாக வேண்டும்.

மாமனாரிடம் கேட்டாள். லோகோ என்றாலே "என் ஐடியா" என்று மார்தட்டுகிறவர், அன்றைக்கு என்னவோ கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். விசிட்டிங் கார்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினாள். பன்னிரண்டு அடி போர்டுக்குப் பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது என்று பதில் வந்தது. அதே படத்தை வேர்டு ஃபைலில் ஒட்டி அனுப்பினாள், ஏதோ பெரிய தந்திரம் செய்ததுபோல. அதே படம்தானே, அப்படியேதான் உடைந்தது.

மாலையில் இன்னொரு மின்னஞ்சல். "தேடிப் பார்த்தேன். இது எந்த ஃபான்ட்டும் இல்லை. புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் குட்டி வளையம் இருக்கிறது. யாரோ கையால் எழுதியது. அந்தக் காகிதம் கிடைத்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள், நான் வரைந்து கொள்கிறேன். எழுதியவர் கிடைத்தால் இன்னும் நல்லது."

மருமகளுக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. யார் அந்த வளையக்காரர்?

பின்னறையில் மாமியார் துணிகளுக்கு டேக் எழுதிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் எண்ணையும் துணி வகையையும் அழியாத மையால் துணித் துண்டில் எழுதி ஊக்கால் குத்துவது அவர் வேலை. மருமகள் ஒரு டேக்கைக் கையில் எடுத்தாள். 'சட்டை' என்றிருந்தது. 'ட்' மேல் குட்டி வளையம்.

"அத்தை, நம்ம கடை போர்டுல இருக்கிறது உங்க எழுத்தா?"

"பார்த்த அன்னைக்கே தெரியும். எதைப் பார்த்து எழுதினாங்கன்னுதான் தெரியல. நான் யாருக்கும் எழுதிக் குடுக்கல." மாமியார் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "அப்பல்லாம் டேக்லயே கடைப் பேரும் எழுதுவேன்."

மருமகளின் கண் துணி மாட்டும் கம்பியின் கடைசிக்குப் போயிற்று. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு நீலச் சட்டை. பதினெட்டு வருஷமாகத் தொங்குகிறது. டேக் இல்லாததால், கேட்டு வந்தவருக்கு அன்று தேடி எடுத்துக் கொடுக்க முடியாமல் போன சட்டை. டேக் குத்த மறந்தது மாமியார் என்று முடிவு கட்டி, அன்றே அவரைக் கவுண்டரிலிருந்து பின்னறைக்கு மாற்றியிருந்தார் மாமனார். ஆனால் அந்தச் சட்டையைத் தூக்கிப் போட மட்டும் அவர் விட்டதில்லை. ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மருமகள் முன்னறைக்குப் போனாள். போர்டு எழுதியவரிடம் காகிதமோ துணியோ, எதைக் கொடுத்தீர்களோ அது இல்லாமல் புது போர்டு வராது என்று மாமனாரிடம் நேரடியாகச் சொன்னாள்.

மாமனார் மூக்குக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, அடித்துணியை விலக்கி, பழுப்பேறிய துணித் துண்டு ஒன்றை எடுத்தார். எழுந்து பின்னறைக்குப் போய் மனைவியின் முன்னால் வைத்தார்.

"போர்டு எழுதறவன் வாசல்ல நின்னான். கைக்குக் கிடைச்ச டேக்கைக் கழட்டிக் குடுத்துட்டேன். திருப்பிக் குத்தறதுக்குள்ள சட்டை மத்ததோட கலந்துடுச்சு. சட்டைக்காரர் வந்து உன்கிட்ட கத்தினப்போ சொல்லியிருக்கணும்."

மாமியார் துண்டைத் திருப்பினார். இருநூற்றுப் பதினாலு. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று மருமகள் பயந்தாள். அவர் ஊக்கு ஒன்றை எடுத்து, நீலச் சட்டையின் காலரில் டேக்கைக் குத்தினார்.

"நான் மறக்கல," என்றார், யாரிடமென்று இல்லாமல். பிறகு சட்டையைக் கணவர் கையில் கொடுத்தார். "ரெண்டாவது தெரு, தபால் ஆபீஸுக்கு எதிர் வீடு. நீங்களே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

"அவர் இப்ப அங்க இருக்காரோ என்னவோ."

"விசாரிங்க."

மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். டேக்கை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு அனுப்பலாமே என்று மருமகள் பின்னாலேயே ஓடி, வாசலில் பிடித்து வாங்கி, ஸ்கேன் செய்து, திருப்பிக் குத்திவிட்டாள்.

உள்ளே வந்தபோது மாமியார் வெள்ளைத் தாளில் 'இரண்டாம் கிளை' என்று பெரிதாக எழுதி வைத்திருந்தார். புள்ளிகள் எல்லாம் வளையம்.

"புதுக் கடையில கவுண்டர்ல யாரு?" என்று கேட்டார்.

தானே உட்காருவதாகத்தான் மருமகள் நினைத்திருந்தாள். "நீங்கதான் அத்தை," என்றாள்.

அந்தத் தாளையும் ஸ்கேன் செய்து, இரண்டையும் இணைத்து டிசைனருக்கு எழுதினாள்: "ஃபான்ட் ஃபைல் கிடையாது. எழுதியவர் இருக்கிறார். திங்கள் முதல் புதுக் கடைக் கவுண்டரில் பார்க்கலாம்."