தேதி இல்லாத பாடம்

ஆண்டு முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. டயாலிசிஸ் பிரிவின் இன்சார்ஜ் தன் கண்ணாடி அறைக்குள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஒரு வருடத்துத் தினக்குறிப்புகளை மாதவாரியாகத் திறந்து வைத்துக்கொண்டாள். கொஞ்சம் கர்வமாகத்தான் உட்கார்ந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நாள் விடாமல் குறிப்பு எழுதிய பிரிவு அவளுடையது ஒன்றுதான். மற்றவர்கள் டிசம்பரில் தலையைப் பிய்த்துக்கொண்டு மார்ச்சில் என்ன நடந்தது என்று யோசிப்பார்கள்.

ஆண்டு அறிக்கைக்கு மூன்றே பகுதி. சாதனைகள், பாடங்கள், அடுத்த ஆண்டின் கவனம். கவனம் ஒன்றுதான் இருக்கலாம். அது பாடங்களிலிருந்துதான் வர வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே தினக்குறிப்பின் தேதிகளைப் போட வேண்டும். நிர்வாகி போட்ட சட்டம் அது. தேதி இல்லாத பாடத்தை அவர் புலம்பல் என்பார்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மூன்றாவது டெக்னீஷியன். எட்டு மெஷினுக்கு அவளும் நெட்டையும் மட்டுமே. நெட்டை என்பது அவளுடைய உதவி டெக்னீஷியனின் பட்டப்பெயர். வாசல் நிலையில் குனிந்தே நுழைவான். வேறொரு ஆஸ்பத்திரி அவனை ஆறு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "டிசம்பர் ரிவ்யூ வரைக்கும் பொறுடா, மூணாவது ஆள் வாங்கிடறேன்" என்று இவள்தான் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தாள். மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்றும் அவன் தண்ணீர் சுத்திகரிப்பு அறையில் ஃபில்டர் மாற்றிக்கொண்டிருந்தவன்.

சாதனைகள் மளமளவென்று வந்தன. ஒரு சிகிச்சைகூட ரத்தாகவில்லை. தண்ணீர்ப் பரிசோதனை ஒரு நாளும் தவறவில்லை. நோயாளிகளிடமிருந்து ஒரு புகார் இல்லை. எழுத எழுத அவளுக்கே தன் மீது மரியாதை வந்தது.

பாடங்களுக்கு வந்தாள். 'ஆள் பற்றாக்குறையால் நோயாளிகளுக்கு ஆபத்து' என்று தலைப்பிட்டு, தேடும் கட்டத்தில் 'தனியாக' என்று தட்டினாள். ஒன்றும் வரவில்லை. 'ஆள் இல்லை' என்று தட்டினாள். வரவில்லை. 'சாப்பாடு' என்றாள், 'விடுப்பு' என்றாள். வருடம் முழுக்கத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

அவள் விரல் நின்றுவிட்டது. துடைத்தது யாரென்று அவளுக்குத் தெரியும்.

ஜனவரியில் நெட்டை பக்கம் பக்கமாக எழுதுவான். 'இன்சார்ஜ் விடுப்பு. நான் தனியாக இருந்தேன். தண்ணீர் அறையில் இருந்தபோது மூன்றாம் படுக்கைக்காரருக்கு ரத்த அழுத்தம் இறங்கியது. அலாரம் கேட்டு ஓடி வந்தேன். சில நிமிடம் பார்க்க ஆள் இல்லை.' இன்சார்ஜ் ஒப்புதல் தந்தால்தான் குறிப்பு பதிவாகும். அவள் அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். காலையில் பெரிய டாக்டர் முதலில் படிப்பது இதைத்தானே! நம் பிரிவு மானம் என்னாவது? வெட்டினாள். மிஞ்சியது இவ்வளவு: 'மூன்றாம் படுக்கை, ரத்த அழுத்தம் குறைந்தது. சலைன் கொடுத்துச் சரிசெய்யப்பட்டது.'

"என்னக்கா, என் கதைக்குக் கத்திரி போட்டுட்டீங்க?" என்று மறுநாள் அவன் சிரித்தான்.

"குறிப்புல வேலை முடிஞ்சுதா, அது மட்டும் போதும். நாம பட்ட பாடெல்லாம் எதுக்கு? மூக்கால அழுவுறாங்கன்னு நினைப்பாங்க."

மார்ச்சுக்குப் பிறகு வெட்டுவதற்கு எதுவும் இருக்கவில்லை. நல்லா பழகிக்கிட்டான் என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

இருந்தும் பாடத்தை எழுதினாள். தேதிக்கான இடத்தில் 'பல நாட்கள்' என்று போட்டாள். கவனம்: மூன்றாவது டெக்னீஷியன் நியமனம்.

ரிவ்யூ கூட்டம் சாயங்காலம் நடந்தது. ஓடிக்கொண்டிருந்த மாலை ஷிஃப்டை நெட்டையிடம் விட்டுவிட்டு மாடிக்குப் போனாள். நிர்வாகி கெட்டவர் இல்லை. டீ வரவழைத்தார், சாதனைகளைச் சத்தமாக வாசித்துப் பாராட்டினார். பாடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"பல நாட்கள்னா எந்த நாட்கள்மா?"

"குறிப்புல இல்ல சார். ஆனா நடந்தது. நான் சொல்றேனே, என் வார்த்தை போதாதா?"

அவர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். எந்தத் தேதியைத் தொட்டாலும் 'சரிசெய்யப்பட்டது', 'வழக்கம்போல்', 'அனைத்தும் முடிந்தன'. அடியில் ஒப்புதல் என்று அவள் பெயர்.

"இதுவும் உங்க வார்த்தைதானேம்மா?"

அவள் கம்ப்யூட்டரை அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"ரெண்டு பேர் ஒரு குறையும் இல்லாம நடத்தியிருக்கீங்க. நான் ஆள் கேட்டா மேல சிரிப்பாங்க. நோயாளிங்க காத்திருப்புப் பட்டியல் வேற நீளமா இருக்கு." அவள் எழுதியிருந்த 'கவனம்' வரியை அவர் ஒரு கோட்டில் அடித்துவிட்டு மேலே எழுதினார்: இருக்கும் பணியாளர்களைக் கொண்டே மூன்றாவது ஷிஃப்ட் தொடங்குதல். "உங்களால முடியும்" என்று மனதாரச் சொன்னார். அது இன்னும் வலித்தது.

கீழே வந்தபோது மாலை ஷிஃப்ட் முடிந்திருந்தது. ஜன்னலோரப் படுக்கையின் கணக்கு வாத்தியார் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவளைக் கூப்பிட்டார். "எங்கம்மா போயிட்ட? எனக்குக் கால் ரெண்டும் பிடிச்சு இழுக்குது, அந்தப் பக்கம் ஒருத்தர் வாந்தி எடுக்குறார், ரெண்டு மெஷினும் கத்துது. பாவம் பையன், நடுவுல நின்னு தவிச்சுப் போயிட்டான்."

நெட்டை கை கழுவிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

"கிடைக்கலையா?"

"மூணாவது ஷிஃப்ட் கிடைச்சிருக்கு."

அவன் சிரிக்க முயன்று விட்டுவிட்டான். "சரிக்கா. நாளைக்கு ராஜினாமாக் கடிதம் குடுத்துடறேன். அவங்க இதுக்கு மேல காத்திருக்க மாட்டாங்க."

"குறிப்புல ஒண்ணுமே இல்லைங்கறாங்கடா" என்றாள். "நீ ஜனவரியில எழுதினதை விட்டு வச்சிருந்தா..."

"இப்ப எதுக்குக்கா அது."

"இன்னைக்கு நடந்ததை எழுதிட்டுப் போ. ஒரு வரி விடாம எழுது. நான் கை வைக்க மாட்டேன்."

"எழுதிட்டேன்க்கா, பாருங்க." பையை மாட்டிக்கொண்டு, வாசலில் வழக்கம்போலக் குனிந்து வெளியே போனான்.

கண்ணாடி அறையில் திரை காத்திருந்தது. 'காலை, மாலை சிகிச்சைகள் அனைத்தும் முடிந்தன. வழக்கம்போல்.' அவள் கற்றுக்கொடுத்த நடை. வெட்ட ஒரு எழுத்து இல்லை.

அவள் 'வழக்கம்போல்' என்பதை அழித்தாள். 'மாலை ஷிஃப்டில் டெக்னீஷியன் தனியாக இருந்தார். ஒரே நேரத்தில் இரண்டு நோயாளிகளுக்குச் சிக்கல். பார்க்க வேறு ஆள் இல்லை' என்று வேகவேகமாக அடித்தாள். ஒரு வருடத்துக் குறிப்புகளில் தேடிக் கிடைக்காத வரி அது. தேதியோடு வந்துவிட்டது.

பிறகு பெரிய டாக்டரின் கண்ணால் ஒரு தடவை படித்தாள். வேறு ஆள் ஏன் இல்லை? எட்டு பேர் மெஷினில் இருக்கும்போது இன்சார்ஜ் எங்கே போயிருந்தார்? ஆண்டு முழுவதற்கும் தேதியோடு இருக்கப்போகும் ஒரே பாடம் அவளைப் பற்றியதாக இருக்கும்.

வெளியே வாத்தியாரின் மகன் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனான். "வர்றேம்மா" என்று வாத்தியார் கையசைத்தார். அவளும் கையசைத்தாள்.

அடித்ததையெல்லாம் அழித்துவிட்டு, 'வழக்கம்போல்' என்று திரும்ப எழுதி, ஒப்புதல் கொடுத்தாள்.