பிலோமினாவின் நல்ல தூக்கம்

என் மனைவி பிலோமினாவுக்குப் பொய் சொல்ல வராது. அந்தத் துறை என்னுடையது. போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டிய காலத்தில் நான் தூக்கியதாகச் சொல்லும் கண்டெய்னர்களைக் கூட்டிப் பார்த்தால், துறைமுகமே கடலுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும்.

அவள் சிரித்து இரண்டு வருடமாகிறது. இரண்டு வகை மாத்திரைகளைப் போதிய அளவில், போதிய காலம் சாப்பிட்டும் மனச்சோர்வு அசையவில்லை. அதனால்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் டாக்டர் காந்தத் துடிப்பு சிகிச்சைக்குச் சேர்த்தார். வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகம் உண்டா என்று குடைந்த பிறகுதான்.

"இவ தலைக்குள்ள என் பேச்சுதான் டாக்டர், அதுவும் இரும்புதான்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

முதல் நாள் அவள் தலையின் இடப்பக்கம் காந்தச் சுருளை வைத்து, வலது கட்டைவிரல் துள்ளும் வரை பலத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். துள்ளியது! வாழைப்பழத்தைக் கண்ட பத்துமலைக் குரங்கு தோற்றது. அந்த அளவை வைத்துத்தான் சிகிச்சையின் பலம். பிறகு சுருள் நெற்றிப் பக்கம் நகர்ந்தது. வாரத்தில் ஐந்து நாள் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில், காதுக்கு அடைப்பான், சாய்வு நாற்காலி. சில நொடி டக்டக்டக், இடைவெளி, திரும்பவும் டக்டக்டக். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு ஆயிரம் மரங்கொத்திகள்.

வாரம் ஒருமுறை கேள்வித்தாள். மதிப்பெண் குறைந்தால் குணம். மூன்று வாரம் அசையாதது, நான்காம் வாரம் பாதிக்கும் கீழே விழுந்தது.

"ஆன்டி, சூப்பர் லா!" என்றாள் நர்ஸ் ஷாமினி.

இன்று சுருளை வைக்கும் முன் வழக்கமான கேள்விகள். "ராத்திரி தூங்குனீங்களா ஆன்டி? புது மருந்து ஏதாச்சும்? தோடு, ஹேர்பின் கழட்டியாச்சா?"

"கழட்டிட்டேன். மருந்து இல்ல. அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குனேன்."

அது நான் கதை அளக்கும்போது சொல்லும் வார்த்தை. அந்தச் சரக்கு எந்தக் கடையில் வாங்கியது என்று எனக்குத் தெரியாதா?

வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த நல்ல மதிப்பெண் எங்களுக்கே சொந்தம்.

"தூங்கலம்மா" என்றேன். "மூணு ராத்திரியா தூங்கல. சாப்பிடல. கேள்வித்தாள்ல இவ போட்டது எதுவும் நெசமில்ல."

"கிரிகரி அங்கிள், ஜோக்கா?"

"இல்லம்மா."

ஷாமினி சுருளை விலக்கி வைத்தாள். "தூக்கமில்லாம பண்ணா வலிப்பு வர சான்ஸ் கூடும் அங்கிள். டாக்டரக் கூப்பிடுறேன்."

டாக்டர் இன்றைய சிகிச்சையை நிறுத்தினார். கேள்விகளை அவரே நிதானமாகத் திரும்பக் கேட்டார். செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்ற கேள்விக்கு அவள் பூஜ்யம் போட்டிருந்தாள். இப்போது தலையை ஆட்டினாள். ஆமாம் என்று. மதிப்பெண் பழைய இடத்துக்கே போனது.

"மாத்திரையெல்லாம் உங்ககிட்ட இருக்கட்டும். தனியா விடாதீங்க" என்றார். "சில பேருக்குப் பலன் கடைசி வாரத்துல தெரியும். சில பேருக்குத் தெரியாமலே போகும்."

ரயிலில் அவள் கேட்டாள்: "ஏன் சொன்னீங்க?"

"நீ ஏன் அப்படி எழுதுன?"

"தினமும் வெளிய அந்த பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருக்கீங்க. பாவமா இருந்துச்சு."

கப்பலையே கிரேனில் தூக்கிய கதை என் நாக்கு நுனியில்தான் எப்போதும் இருக்கும். பாடாங் ஜாவா ஸ்டேஷன் வரை தேடினேன். வரவில்லை.

"நாளைக்கும் வரணுமா?"

"தூங்குனா வரணும்."

அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டைவிரல் அசையவில்லை.