மூன்றில் ஒன்று

எட்டு வருஷமாக வாசல் மிதிக்காத அண்ணன் சென்னியப்பன், போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திருப்பூருக்கு வந்து, "ஊர்க்கோயில் நோம்பிக்கு வந்துரு அம்மிணி" என்றார். பூவாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து கிளம்பும்போதுதான், "அப்படியே காங்கேயத்துல ஒரு கையெழுத்து" என்றார். பழம் வந்த காரணம் அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் அவள் சரி என்றாள். கூப்பிட்டாரே, அது போதாதா?

பனியன் கம்பெனியில் தைத்த பீஸ்களைச் சரிபார்க்கும் ஐம்பத்தெட்டு வயது விதவைக்கு, அப்பா விட்டுப்போன நிலத்தின் மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆசையெல்லாம் பிறந்த வீட்டின் மேல்தான். புருஷன் குடித்துவிட்டு அடித்த காலத்தில் கைக்குழந்தையோடு ஒரு தடவை அங்கே ஓடியிருக்கிறாள். அப்பா சோறு போட்டார், பேத்தியைக் கொஞ்சினார், சாயங்கால பஸ்ஸில் ஏற்றியும் விட்டார். அன்றிலிருந்து, 'இரு' என்று ஒரு சொல் கேட்கமாட்டோமா என்று ஏங்கியே காலம் போய்விட்டது.

காங்கேயம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே, பத்திரம் எழுதும் அங்கமுத்துவின் கடையில் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். விடுதலைப் பத்திரம் தயாராக இருந்தது. தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக அவள் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் பூமியை அடமானம் வைக்க முடியாது என்று பேங்க் வக்கீல் சொல்லிவிட்டாராம்.

"எதை விட்டுக்கொடுக்கறீங்கன்னு தெரிஞ்சுதான் போடோணுமுங்க்கா" என்று அங்கமுத்து காகிதங்களைப் பிரித்தார்.

"அவளுக்கு ஏதுங் பங்கு?" சென்னியப்பன் அவசரப்பட்டார். "எண்பத்தாறுலயே கட்டிக் குடுத்தாச்சு. எண்பத்தொம்பதுக்கு முந்திக் கட்டிக் குடுத்த பொண்ணுக்கு இல்லீன்னு சட்டமே இருக்குது. அதுக்கு மேல, அப்பன் ஊடு, பூமி எல்லாத்தையும் என்ற பேருக்கே உயில் எழுதி வெச்சிருக்குது."

உயில் இருப்பது பூவாத்தாளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அங்கமுத்து வாசித்தார். 'என் மகளுக்குச் செய்ய வேண்டிய சீர்வரிசை எல்லாம் செய்துவிட்டபடியால் அவளுக்கு யாதொரு பாத்தியமும் இல்லை.' சாகும்போதுகூட அப்பா அவளை பஸ் ஏற்றித்தான் விட்டிருக்கிறார்.

"அந்தக் கல்யாணக் கணக்கெல்லாம் ரெண்டாயிரத்தஞ்சுல புதுச் சட்டம் வந்தப்பவே போச்சுங்" என்றார் அங்கமுத்து. "இது உங்கப்பா சம்பாதிச்ச சொத்து இல்லீங்க. அம்பத்துநாலுல அவரு அண்ணந்தம்பிகளோட பாகம் பிரிச்சப்ப வந்த பரம்பரைச் சொத்து. அப்புறம் நீங்க யாரும் பாகம் பிரிக்கவே இல்ல. ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல அவரு சாகறப்ப அதுல பங்குதாரரு மூணு பேரு. அவரு, நீங்க, அக்கா."

"அப்ப உயிலு?" என்றார் சென்னியப்பன்.

"அவரோட மூணுல ஒண்ணுக்கு மட்டும் செல்லுமுங். அதுனால உங்களுக்கு மூணுல ரெண்டு. அக்காளோட ஒண்ணை எழுதி வெக்க அவருக்கே பாத்தியம் இல்லீங்க. அது பொறந்தப்பவே அக்காளுக்கு வந்தது."

பூவாத்தாள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் கொழந்தையோட வந்து நின்னனே, அன்னைக்கும் அதுல எனக்குப் பங்கு இருந்துச்சுங்களா?"

"அன்னைக்குச் சட்டம் அப்படி இல்லீங்க. இப்பத்த சட்டம்தான் பொறந்ததுல இருந்தேன்னு சொல்லுது."

அவளுக்கு அழுகை முட்டியது. முப்பது வருஷம் பிந்தி வந்தாலும் அந்த 'இரு' வந்தேவிட்டது. அப்பா வாயிலிருந்து வரவில்லையே என்றுதான் தாங்கவில்லை.

"போடு அம்மிணி, ஆபீசு மூடிருவாங்க" என்றார் சென்னியப்பன்.

"நான் போடலீண்ணா. பாகம் பிரிச்சுக் குடுத்துரு. ஓரத்துல கல்லுக் காடா இருந்தாலும் செரி."

சென்னியப்பன் முகம் சுண்டிப்போனது. "ஊருல எந்தப் பொம்பள அண்ணங்கிட்டப் பங்கு கேட்டா? சீரு வேணுமா, பங்கு வேணுமா, ஒண்ணு சொல்லு. இதோட உனக்குப் பொறந்த ஊடு இல்லீன்னு நெனச்சுக்க."

"இனிமேத்தாண்ணா இருக்குது."

அவர் வண்டியை உதைத்துக் கிளம்பினார். காலையில் அந்த வண்டியின் பின்னால் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தது அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! திரும்பிப் பார்ப்பாரா என்று முக்குத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கவில்லை.

"பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு அவரும் கையெழுத்துப் போடோணுமுங்க்கா" என்றார் அங்கமுத்து. "இல்லீன்னா கோர்ட்டுதான். வருசக்கணக்கா ஆகும். காத்திருப்பீங்களா?"

"அந்த ஊட்டுக்காகக் காத்திருக்கறது எனக்கு என்ன புதுசுங்களா?" என்றாள் பூவாத்தாள். "நீங்க எழுதி வையுங்."