சௌடம்மாவுக்காக நான் எழுதிய மனு

நீர்ப்பாசனத் துறையில் முப்பத்தோரு வருஷம் மனுக்களுக்குள்ளேயே கிடந்தவள் நான். எந்த மனு மேசையைத் தாண்டும், எது குப்பைக்குப் போகும் என்று உறையைப் பார்த்தே சொல்வேன். அந்தத் திமிரில்தான் சௌடம்மாவுக்கு அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். இன்று நினைத்தாலும் என் வாயில் நானே நாலு போடலாம் போலிருக்கிறது.

பெங்களூரு ஒசகோட்டை சாலையில் எங்கள் மந்தார என்கிளேவ், இருநூற்று நாற்பது வீடு. அதன் இரண்டாவது கேட்டுக்கு எதிரே நடைபாதையில் ஒன்பது வருஷமாகக் கீரை விற்றவள் சௌடம்மா. மாலூர்ப் பக்கம் முக்கால் ஏக்கரில் அவளே போட்டு, அவளே அறுத்து, விடியலில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவாள். போன ஆவணியில் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று நடைபாதையையே தோண்டிப் போட்டுவிட்டார்கள். அவளுக்கு உட்கார இடமில்லை. நின்றால் போலீஸ்காரன் தடியால் கூடையைத் தட்டுகிறான்.

"அக்கா, அறுத்த கீரை மத்தியானம் வரைக்கும்தான் கீரை. அப்புறம் மாட்டுக்குத்தான். இன்னும் ரெண்டு மூணு மாசத்துல ஒரு இடம் கிடைக்கலன்னா நெலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு கார்மென்ட்ஸுக்குத் தையல் வேலைக்குப் போகணும். இந்தக் கண்ணோட ஊசியில நூல் கோக்க முடியுமா, சொல்லுங்க?" என்றாள்.

"ஏன், உள்ளயே போடேன். ஞாயித்துக்கிழமை மட்டும். அசோசியேஷனுக்கு நான் எழுதறேன்."

"விடுவாங்களா?"

"விடாம எங்க போவாங்க? நான் எழுதினா மறுக்கிறதுக்கு ஒரு ஓட்டை இருக்காது."

இருக்கவில்லைதான். தலைவர், செயலாளர் அவர்களுக்கு என்று ஆரம்பித்து மூன்று பக்கம். முதல் வரியிலேயே சௌடம்மாவின் பெயர், ஊர், ஆதார் நகல். இடம், விருந்தினர் கார் நிறுத்துமிடத்தின் கிழக்கு மூலை. ஞாயிறு காலை ஏழிலிருந்து பதினொன்று, ஏனென்றால் எட்டு மணிக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் திரும்புவார்கள், பதினொன்றுக்குமேல் பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கு வண்டிகள் வரும். முத்திரை போட்ட தராசு. ஒலிபெருக்கி கிடையாது. கழிவை அவளே எடுத்துப் போவாள். முதலில் நான்கு வாரம் சோதனையாக.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாட்டேனே! சௌடம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவள் மண்டையில் இருந்ததையெல்லாம் கறந்தேன். எந்த பிளாக்கில் சப்சிகெ என்கிற சதகுப்பைக் கீரை போகும், எந்த பிளாக்கில் கீரையை விட்டுப் பழம் மட்டும் கேட்பார்கள், கொத்தமல்லியைக் கழுவாமல் வேரோடு கொண்டுவந்தால்தான் இங்கே எடுப்பார்கள், குளிர் வந்தால் பிதுக்கின அவரைப் பருப்பு அரைக் கிலோப் பொட்டலமாக வேண்டும் என்பதுவரை. "உங்கள் தேவையை அறிந்தவர்" என்று அதற்குத் தலைப்பு வேறு. எஸ்டேட் மேனேஜரிடம் கொடுத்து, நகலில் 'பெறப்பட்டது' முத்திரை வாங்கிய பிறகுதான் இடத்தைவிட்டு நகர்ந்தேன்.

அதன்பிறகு ஆரம்பித்தது கூத்து. இரண்டாம் சனிக்கிழமைக் கமிட்டிக் கூட்டத்தில் ஆள் போதாமல் கோரம் இல்லையாம். அடுத்த கூட்டத்தில் ஜெனரேட்டர் டீசலிலேயே நேரம் போய்விட்டதாம். செயலாளர் சுதீந்திராவை லிஃப்டில் பிடித்தேன். அவர் சாஃப்ட்வேர்க்காரர், எப்போதும் ஒரு காதில் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள்.

"சார், அந்தக் கீரைக் கடை விஷயம்..."

"ஜலஜாக்ஷி மேடம், செம லெட்டர்! கமிட்டில எல்லாரும் பாராட்டினாங்க. அசோசியேஷன் ஆப்ல வோட்டிங் போடறோம். வீட்டுக்கு ஒரு ஓட்டு."

போட்டார்கள். 'வளாகத்தில் வாராந்திரக் காய்கறி, பழக் கடை வேண்டுமா?' ஆம், இல்லை. நான் ஆம் போட்டதோடு சும்மா இருக்கவில்லை. பிளாக் பிளாக்காக ஏறி, மணியடித்து, "நம்ம சௌடம்மாவுக்குங்க, மறக்காம போடுங்க" என்று கெஞ்சினேன். முட்டி வலி உயிர் போனது. டி பிளாக் பங்கஜா, "அவளுக்குப் போடாம யாருக்குப் போடப் போறோம்?" என்று என் கண் முன்னாலேயே அமுக்கினாள். நூற்றுத் தொண்ணூற்றாறு ஆம். எண்ணிக்கை வந்த அன்றே பங்கஜா சௌடம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வாரம் சத்தமில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மாலை ஆப்பில் அறிவிப்பு. 'குடியிருப்போரின் அமோக ஆதரவை அடுத்து, நாளை முதல் ஞாயிறுதோறும் காலை 7 முதல் 11 வரை, விருந்தினர் கார் நிறுத்துமிடத்தின் கிழக்கு மூலையில்...' படித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் சௌடம்மா பெயர் இல்லை. ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது. பச்சை லாரியும், தொப்பி வைத்த பையன்கள் படமும்.

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு சுதீந்திரா வீட்டுக்குப் போனேன்.

"என்ன சார் இது? மனு போட்டது யாரு, கடை யாருக்கு?"

"மேடம், கொஞ்சம் பொறுமையா கேளுங்க. பொது இடத்துல வெளியாள் யார் வியாபாரம் பண்ணினாலும் மூணு கொட்டேஷன் வாங்கணும். அசோசியேஷன் பைலாவுல இருக்கு."

"அவளைக் கேட்டீங்களா?"

"கொட்டேஷன் ஃபார்ம் மெயில்லதான் போகும். அந்தம்மாவுக்கு மெயில் ஐடி இல்ல. என்ன பண்றது?"

"எனக்கு இருக்கே! மூணாவது மாடியில உயிரோடதானே இருக்கேன்!"

"நீங்க வியாபாரி இல்லையே மேடம்." பாவி மனுஷன் சிரித்துக்கொண்டே சொன்னார். "அவங்க இடத்துக்கு வாடகையும் தர்றாங்க. ஒண்ணு சொல்லணும், உங்க லெட்டர்தான் ரொம்ப உதவியா இருந்துச்சு. நேரம், இடம், யாருக்கு என்ன வேணும்... எல்லாம் இருந்துச்சா, பேரை மட்டும் எடுத்துட்டு மூணு பேருக்கும் அதையே அனுப்பிட்டோம். எங்களுக்கு வேலையே இல்ல!"

முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ பேர் என் குறிப்பைத் திருடித் தங்கள் பெயரில் அனுப்பியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் போனது என் பெயர் மட்டும்தான். வீட்டுக்கு வந்து சௌடம்மாவுக்குப் போன் செய்தேன். அணைந்து கிடந்தது.

காலை ஏழே காலுக்குக் கீழே ஓடினேன். கிழக்கு மூலையில் மேசை, குடை, மின் தராசு. வேரோடு கொத்தமல்லி. அரைக் கிலோப் பொட்டலத்தில் பிதுக்கின அவரைப் பருப்பு. பங்கஜா பை நிறைய வாங்கிக்கொண்டு, "சௌடம்மா எங்கே, இந்தப் பையன்களை ஆள் வெச்சுட்டாளா?" என்றாள். நான் நேரே கேட்டுக்கு நடந்தேன்.

வெளியே ஆட்டோ நின்றிருந்தது. கீரை மேல்கம்பிவரை முட்டிக்கொண்டிருந்தது. சௌடம்மா புதுப் புடவையில் காவலாளியிடம் வாதாடிக்கொண்டிருந்தாள்.

"பாருங்க அக்கா, உள்ள விட மாட்டேங்கறான்! நூத்தித் தொண்ணூத்தாறு வீடு எனக்குப் போட்டிருக்குன்னு சொல்லுங்க இவன்கிட்ட. இன்னிக்குத்தான் ஆரம்பம்னு நேத்து சாயந்திரம் பங்கஜாம்மா வீட்டு வேலைக்காரி சொன்னா. அக்கம்பக்கத்துத் தோட்டத்துலயும் கடனுக்கு எடுத்து ரெண்டு பங்கா கொண்டாந்திருக்கேன். ராத்திரி பூரா அறுப்பு, போன்ல சார்ஜு போட மறந்தே போச்சு."

சொன்னேன். கொட்டேஷன், மெயில், கம்பெனி, என் கடிதம், எல்லாம். ஒரே மூச்சில் சொன்னேன், நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று. அவள் கேட் கம்பி வழியே உள்ளே குடையை எட்டிப் பார்த்தாள். யாரோ பருப்புப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொத்தமல்லிக்கு வேர் இருக்கணும்கறதுகூட அதுல எழுதியிருந்தீங்களா?"

"எழுதியிருந்தேன்."

"எனக்கு அதைத் தெரிஞ்சுக்க ரெண்டு வருஷம் ஆச்சு அக்கா."

ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். பன்னிரண்டு மணிக்குள் வேறு எங்காவது தள்ளியாக வேண்டும். அவள் ஏறிக் கீரைக்கட்டுகளுக்கு நடுவே இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு அபார்ட்மென்டுக்கு எழுதித் தர்றேன், சௌடம்மா. நாளைக்கே," என்றேன்.

"எழுதுங்க. ஆனா என் பேரையும் ஊரையும் மட்டும் எழுதுங்க. மத்ததை நானே போய்ச் சொல்லிக்கறேன்."