இரண்டு பக்கமும் ஒரே அளவு

பிடரியில் முதல் கொத்தை வெட்டியதும் கையை நிறுத்தி வயிற்றைக் கவனித்தேன். ஒன்றும் அசையவில்லை.

"என்னட்டி, நின்னுட்ட?" முக்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மந்திரமூர்த்தி கேட்டார்.

"சீப்புல சிக்கு" என்றேன். பொய்தான்.

எனக்கு ஏழாம் மாதம். மாசமாக இருக்கிறவளின் புருஷன் பிள்ளை பிறக்கும்வரை தலைமுடி வெட்டக் கூடாது என்பது எங்கள் களக்காட்டுப் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம். எல்லோரும் பார்ப்பதில்லை, போன வருஷம் நானும் பார்க்கவில்லை. அப்போது ஐந்தாம் மாதம். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. "தலையா இது, பரட்டைக்காடு! போயி வெட்டிட்டு வாங்க" என்று அவரைச் சலூனுக்கு விரட்டியவள் நான். பதினோராம் நாள் அந்தப் பிள்ளை கலைந்துபோனது. கரு சரியாக உருவாகவில்லை, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் தலையை ஆட்டினேன், ஒரு தடவைகூட நம்பவில்லை. என் மாமியார் ஆறுமுகத்தாய் அத்தை, "அன்னைக்கு முடியத்தான் வெட்டாம இருந்திருக்கலாம்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அந்த ஒரு முறை போதாதா? ஒரு வருஷமாக அதைச் சுமந்துகொண்டு அலைகிறேன்.

அதனால் இந்தத் தடவை நாள் தள்ளிப்போனதுமே, "பிள்ள பொறக்கட்டும். அதுவரை ஒங்க தலையில கத்தரி படக் கூடாது" என்று நானே சட்டம் போட்டேன். அவரும் மறுபேச்சுப் பேசாமல் வளர்த்தார். சுருட்டை முடி காதை மூடி, சட்டைக் காலரில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்றைக்கு மதியம் போன் வந்தது. பணகுடிப் பக்கம் ஒரு காற்றாலைக் கம்பெனியில் நாலு வருஷமாகக் கான்ட்ராக்டில் கீழே நின்று கயிறு பிடிக்கிற வேலை அவருக்கு. கோபுரத்தில் ஏறுகிற வேலைக்கு நிரந்தரமாக ஆள் எடுக்கிறார்கள், நாளைக் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். ஹெல்மெட்டுக்கு வெளியே முடி தொங்கினால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். போன முறை ஒரு பையனை அப்படித்தான் அனுப்பினார்களாம். இன்றைக்கோ செவ்வாய்க்கிழமை, ஊரில் ஒரு சலூனும் திறக்கவில்லை. விடியற்காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால்தான் போய்ச் சேர முடியும்.

"வேண்டாம், விட்டுருவோம். அடுத்த வருஷம் எடுக்காமலா போயிருவாவ?" என்றார்.

அந்தக் குரலில்தான் எனக்குக் கோபம் வந்தது. நாலு வருஷம் காத்திருந்த மனுஷன், எனக்காக, என் பயத்துக்காக, ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவர் போலப் பேசுகிறார். "முக்காலிய எடுத்துப் புறவாசல்ல போடுங்க" என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் வள்ளியூரில் ஒரு லேடீஸ் பார்லரில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். அப்போதைய கத்தரிக்கோலும் கிளிப்புகளும் வால் சீப்பும் பெட்டியில் இன்னும் இருக்கின்றன.

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் போன் வந்ததிலிருந்து வயிற்றில் அசைவு தெரியவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார், நாளைக்கு வேலைக்குப் போகமாட்டார். மணி மூன்றரை. வாழைத்தோப்பு வேலைக்குப் போயிருக்கிற அத்தை ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். அதற்குள் தலையை முடித்துவிடவேண்டும். அதற்குள்ளும் அசையவில்லை என்றால் நேரே ஆஸ்பத்திரி. இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் கத்தரியை எடுத்தேன்.

ஆனி மாதத்து மேல்காற்று இன்றைக்குப் பேய்க்காற்றாக அடித்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து வாழையிலையெல்லாம் கிழிந்து தொங்கியது. அவரைத் தெற்கே பார்த்து உட்காரவைத்து, கழுத்தில் பழைய சேலையைச் சுற்றி, தலையை நன்றாக நனைத்துச் சீவினேன். ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காதுவரை வகிடு எடுத்து, முன்முடியைச் சுருட்டிக் கிளிப் போட்டேன். காதுக்கு மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாகம். பின்னால் நடுவில் ஒரு வகிடு எடுத்து இரண்டு பாகம்.

பிடரியில் நடுவே ஒரு மெல்லிய கொத்தை எடுத்து, நேராக வெளியே இழுத்து, என் ஆள்காட்டி விரலின் இரண்டு கணு அளவுக்கு வெட்டினேன். அதுதான் அளவுமுடி. அடுத்த கொத்தை எடுக்கும்போது அதில் கொஞ்சத்தையும் சேர்த்துப் பிடித்தால் விரலிடுக்கில் அதன் நுனி தெரியும், அந்த இடத்திலேயே வெட்டவேண்டும். அது தெரியவில்லை என்றால் வெட்டவே கூடாது. பார்லரில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது.

ஒவ்வொரு கொத்து விழும்போதும் வயிற்றைக் கவனித்தேன். அசைவில்லை.

பின்பக்கம் முடித்து வலப்பக்கத்துக்கு வந்தேன். பிடரியிலிருந்து அளவைக் கொண்டுவந்து வலப்பக்கத்தை ஒழுங்காக வெட்டினேன். கிளிப்பை அவிழ்த்து உச்சியையும் முன்முடியையும் அதோடு சேர்த்துச் சரிபண்ணினேன். அதிலேயே அரைமணி நேரம் போனது. பிறகு இடப்பக்கத்தை மறுபடி நனைத்து, அதையும் அதே அளவில் வெட்டினேன். முன்னால் வந்து நின்று பார்த்தால், இடப்பக்கம் நீளமாக இருந்தது.

"என்னட்டி மொறைக்க?"

"பேசாதிய. ஆடாதிய."

இடப்பக்கத்தைக் கொஞ்சம் குறைத்தேன். பார்த்தேன், இன்னும் நீளம். இன்னும் குறைத்தேன். அளவுமுடியைச் சேர்த்துப் பிடிக்கக்கூட இல்லை, கண்ணை நம்பி வெட்டினேன். மனசு வயிற்றில் இருக்க, கை தன்பாட்டுக்கு ஓடியது. ஒருவழியாக இரண்டு பக்கமும் சமமாகத் தெரிந்தபோது போதும் என்று உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். இடப்பக்கம் ஒருக்களித்துக் கொஞ்ச நேரம் படுத்தும் பார்த்தேன். அப்படிப் படுத்தால் அசைவு தெரியும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் நெஞ்சு அடித்துக்கொண்டதுதான்.

திரும்பி வந்து பார்த்தேன். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட ஒரு விரல் அகலம் ஏறிக் கிடந்தது. காதுக்கு மேலே மண்டைத்தோல் தெரியாத குறைதான்.

நான் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தேன். "நான் தொட்டது எதுவும் வெளங்காது. வேலையும் போச்சு. வெட்டக் கூடாதுன்னு நானே சொல்லிட்டு நானே வெட்டுனேன் பாருங்க. மத்தியானத்துலேர்ந்து இது அசையவே இல்ல, அத்தான்."

அவர் எழுந்துவிட்டார். "ஏன்ட்டி சொல்லல? கெளம்பு, ஆட்டோவக் கூப்பிடுதேன்."

அந்த நேரம் பார்த்து அத்தை வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்தாள். சேலை முழுக்க வாழைக்கறை. தரையில் கிடந்த முடியைப் பார்த்தாள், மகன் தலையைப் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள்.

"நாளைக்கு இன்டர்வியூம்மா. அதான் வெட்டச் சொன்னேன். புள்ள மத்தியானத்துலேர்ந்து அசையலன்னு சொல்லுதா" என்றார் அவர்.

"மத்தியானம் என்ன சாப்பிட்ட?" அத்தை என்னைக் கேட்டாள்.

போன் வந்த பரபரப்பில் சோற்றுப்பானையைத் திறக்கவே இல்லை.

"பட்டினி போட்டா அது எப்படித் துள்ளும்? இந்தா, மொதல்ல இதத் தின்னு." மடியிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினாள். "லே, ஆட்டோவுக்குப் போன் போடு. அவன் வர இருபது நிமிஷம் ஆவும். ஏட்டி, அதுக்குள்ள நீ அந்தத் தலைய முடிச்சிரு. வெட்டுனது வெட்டுனதுதான். அரையும் கொறையுமா நின்னா வேலையும் கெடையாது." குரல் தாழ்ந்தது. "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதான் ஒன் மனசுல கெடந்து கொடையுது."

பழத்தைத் தின்றேன். அழுகையோடு தின்றதால் இரண்டு தடவை விக்கியது.

அவர் போன் பேசிவிட்டு மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்த்தார். "ஏட்டி, காத்து எங்கன இருந்து வருது?"

"மேக்கேயிருந்து. இது ஒரு கேள்வியா?"

"நான் தெக்கப் பாத்து இருக்கேன். அப்ப வலப்பக்கம்தானே மொதல்ல காஞ்சிருக்கும்?"

எனக்குத் தலையில் ஓங்கிக் குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சுருட்டை முடி நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கி ஏறும். காய்ந்து சுருங்கிய வலப்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, ஈரமாக நீண்டு கிடந்த இடப்பக்கத்தை வெட்டித் தள்ளியிருக்கிறேன். பார்லரில் கதவைச் சாத்தி ஏசி போட்டிருப்பார்கள். புறவாசலும் மேல்காற்றும் அங்கே ஏது?

"காத்தாடிக்காரரு இத முன்னாலயே சொல்லுறதுக்கு என்ன?"

"ஆடாதிய, பேசாதியன்னு நீதானே சொன்ன?"

தலை முழுவதையும் திரும்ப நனைத்தேன். இந்தத் தடவை சுவர் ஓரமாக, காற்றுப் படாத இடத்தில். இனி இடப்பக்கத்தைத் தொட முடியாது, அதனால் அதுதான் அளவு. அங்கிருந்து பிடரிக்கு, பிடரியிலிருந்து வலப்பக்கத்துக்கு, கொத்துக் கொத்தாக அளவுமுடியைச் சேர்த்துப் பிடித்து, நுனி தெரிந்தால் மட்டும் வெட்டினேன். காய்ந்துபோகும் என்று தோன்றிய இடத்தில் மறுபடி தண்ணீர் தெளித்தேன். அத்தை கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அவருக்குப் பின்னால் நெருங்கி நின்றேன். வயிறு அவர் முதுகில் முட்டியது. இரண்டு காதுக்கும் மேலே ஒரே உயரத்தில் ஒரு கொத்து, இந்தக் கையில் ஒன்று, அந்தக் கையில் ஒன்று. ஒரே நேரத்தில் வெளியே இழுத்து, விரல்களை நுனிவரை நகர்த்திக் கண்ணாடியில் பார்த்தேன். சமம். கொஞ்சம் முன்னால் இன்னொரு ஜோடி. சமம்.

"முதுகுல இடிக்காதட்டி, தல ஆடிரும்" என்றார்.

"நான் எங்க இடிச்சேன்? என் ரெண்டு கையும் ஒங்க தலையிலதான் இருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு உதை. எனக்குள்ளேயும் அவர் முதுகிலும் ஒரே நேரத்தில், நல்ல பலமான உதை. கண்ணாடியில் அவர் வாய் திறந்தபடி அப்படியே நின்றது. அத்தை கண்ணாடிக்கு மேலே தலையை நீட்டி என் வயிற்றைப் பார்த்தாள்.

அவர் சட்டென்று திரும்பப் போனார். நான் இரண்டு பக்க முடியையும் இறுகப் பிடித்துக்கொண்டேன். கண்ணீர் அவர் நனைந்த தலையிலேயே விழுந்தது.

"அசையாதிய அத்தான்" என்றேன். "இன்னும் ரெண்டு ஜோடி பாக்கணும்."